மார்ச் கெடு, ஏப்ரல் ரசீது

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவத்தில் எல்ஐசி கிளைகளுக்கு வரும் விண்ணப்பங்களில் "போன வருஷம் பிரீமியம் கட்டினதுக்கு சர்டிபிகேட் வேணும்" என்று மட்டும் எழுதியிருந்தால், வேலை அங்கேயே நின்றுவிடும். எந்தப் பாலிசி, எந்த நிதியாண்டு என்று தெரியாமல் கிளையில் எதையும் எடுத்துத் தர முடியாது.

ஆண்டில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை நிதியாண்டு 2025-26. அந்த வருமானத்துக்கான படிவத்திலோ மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று இருக்கும். அதைப் பார்த்து விண்ணப்பத்தில் எழுதினால், கேட்டதும் கிடைப்பதும் வேறு வேறு ஆண்டாகிவிடும். தேதிகளையே எழுதிவிடுவது நல்லது: "கீழ்க்கண்ட பாலிசிகளுக்கு 1-4-2025 முதல் 31-3-2026 வரை செலுத்திய பிரீமியத்துக்குச் சான்றிதழ் வழங்க வேண்டுகிறேன்." கீழே பாலிசி எண்களை வரிக்கு ஒன்றாகப் பத்திரத்தைப் பார்த்தே எழுத வேண்டும். இந்த எண்கள் படிவத்துக்கும் தேவை. மதிப்பீட்டு ஆண்டு 2025-26 முதல் 80சி பிரிவில் விலக்கு கேட்பவரிடம் படிவமே பாலிசி எண்ணைக் கேட்கிறது.

சான்றிதழ் வந்ததும் தொகை குறைகிறதே என்று சிலர் திகைப்பார்கள். ஒருவருக்கு அரையாண்டுத் தவணை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் தவணையை அந்த மாதமே கட்டிவிட்டார். 2026 மார்ச் 28-இல் கெடு வந்த தவணையை ஏப்ரல் 10-இல் கட்டினார். 30 நாள் சலுகைக் காலம் இருப்பதால் பாலிசிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வரிக்குக் கணக்கு, பணம் கட்டிய தேதி. 2025-26 சான்றிதழில் 12,000 மட்டுமே இருக்கும். ஏப்ரலில் கட்டியது அடுத்த ஆண்டுக்குப் போகும்.

அவரே மனைவியின் பாலிசிக்கு நவம்பரில் 15,000, தாயாரின் பாலிசிக்கு 9,000 கட்டியிருக்கிறார். மனைவியுடையதைச் சேர்க்கலாம். தாயாருடையதைச் சேர்க்க முடியாது. ஆயுள் காப்பீட்டில் தனக்கு, வாழ்க்கைத் துணைக்கு, பிள்ளைகளுக்குக் கட்டுவதற்கே 80சி இடம் தருகிறது. ஆக, 48,000 என்று நினைத்திருந்தவர் கேட்கக்கூடியது 27,000. அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான். புதிய முறையில் இந்த விலக்கே கிடையாது.

எல்ஐசி இணையதளத்தில் எல்லாப் பாலிசிக்குமான தொகுப்பு அறிக்கையை வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆனால் கணக்கில் பதிவு செய்யாத பாலிசி அதில் வராது. எண்களைப் பத்திரங்களோடு ஒப்பிட்டு, விடுபட்டதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். அலுவலகம் ஆதாரம் கேட்பது பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். அப்போது எடுத்த சான்றிதழில் மார்ச் தவணை இருக்காது. மார்ச் 31-க்குள் அதைக் கட்டியிருந்தால், ஏப்ரலில் மறுபடி சான்றிதழ் வாங்கி, கணக்கு தாக்கல் செய்யும்போது அந்தத் தொகையையும் சேர்த்துக்கொள்ளலாம்.