மூலையில் ஒரு சின்னத் துண்டுக் கல்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். செங்கல்லின் மேல் இறங்கும் பாரம் கீழ்வரியில் இரண்டு கற்களுக்குப் பிரிய வேண்டும், அடுத்த வரியில் மூன்றுக்கு. செங்குத்து இணைப்பு வரிக்கு வரி ஒரே நேரில் வந்தால் பாரம் பிரியாது. சுவர் ஒட்டி நிற்கும் தூண்களாகிவிடும். ஒரு தூணுக்கு அடியில் மண் கொஞ்சம் இறங்கினாலும் அந்தக் கோடு அப்படியே பிளக்கும்.

நாலரை இஞ்ச் சுவரில் கல்லை நீளவாக்கில் வைத்து, அடுத்த வரியை அரைக்கல்லில் தொடங்கினால் போதும். ஒன்பது இஞ்ச் சுவரில்தான் சிக்கல். அதற்கு இங்கிலீஷ் கட்டு: ஒரு வரி நீளவாக்கில், அடுத்த வரி குறுக்காக. குறுக்குக் கல்தான் சுவரின் இரு முகங்களையும் பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு மெல்லிய சுவர்கள்தான் மிஞ்சும்.

இனி மூலைக்கு வருவோம். கல் 19 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், கலவை 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளவரியில் இணைப்புகள் மூலையிலிருந்து 20, 40, 60 செ.மீ.யில் வரும். குறுக்குவரியில் 10, 20, 30, 40. இருபதிலும் நாற்பதிலும் இரண்டும் மோதுகின்றன! அதனால் குறுக்குவரியில் முதல் கல்லை அடுத்து, நீளவாக்கில் பாதியாகப் பிளந்த சுமார் 4 செ.மீ. துண்டு ஒன்றை வைப்பார்கள். இப்போது இணைப்புகள் 10, 15, 25, 35 என்று விலகிவிடும். கீழ்வரி இணைப்புக்கும் மேல்வரி இணைப்புக்கும் எங்கும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி கிடைக்கும். அந்தத் துண்டை வெட்டச் சோம்பினால் சுவர் முழுக்கப் பிழை தொடரும்.

கலவையின் கனம் ஏன் 1 செ.மீ.? கலவை பொதுவாகக் கல்லைவிட வலுக் குறைந்தது. பாரம் ஏறும்போது அது பக்கவாட்டில் விரியப் பார்க்கும், மேலும் கீழும் உள்ள கற்களையும் சேர்த்து இழுக்கும். கனம் கூடக் கூட இழுவையும் கூடி, கல்லே செங்குத்தாக வெடிக்கும். ரொம்ப மெலிதானால் கல்லின் மேடுபள்ளம் நிரம்பாமல், பாரம் சில புள்ளிகளில் மட்டும் உட்காரும். கல்லை நனைக்காமல் வைப்பதும் கெடுதல்தான். கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும்.

சோதிப்பது எளிது. நாலு கற்களைக் கலவையில்லாமல் அடுக்கி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சுவரில் நாலு வரியும் இடையிலுள்ள மூன்று இணைப்புகளும் சேர்ந்து அதைவிட 3 செ.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தால் கலவை அதிகம்.

அடித்தளம் மோசமாக இறங்கினால் நல்ல கட்டுள்ள சுவரும் விரிசல் விடும். பெரும்பாலும் இணைப்புகளைப் பிடித்துப் படிப்படியாக. பூச்சு ஏறியபின் கட்டு எப்படி என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முன்பே மூலைத் துண்டு இருக்கிறதா என்று கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.