வால் வரும்வரை காத்திருக்கலாமா?

நிற்காமல் கடந்துபோகும் ரயிலையும் ஸ்டேஷன் ஊழியர் கடைசிப் பெட்டி வரை நின்று பார்ப்பார். அந்தப் பெட்டியின் முதுகில் ‘எல்வி’ பலகை தொங்கினால்தான் ரயில் முழுசாக வந்திருக்கிறது, வழியில் பெட்டி எதுவும் கழன்றுவிடவில்லை என்று அர்த்தம். எஞ்சினைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்ச் என்ற பெட்டிக்கும் இதே சிக்கல்தான்.

ஈதர்நெட் கேபிளில் தகவல், ஃபிரேம் எனப்படும் துண்டுகளாகப் போகிறது. வழக்கமான ஃபிரேம் 64 பைட்டிலிருந்து 1,518 பைட் வரை இருக்கும். அதன் முதல் 6 பைட்டில் போய்ச்சேர வேண்டிய முகவரி. கடைசி 4 பைட்டில் சிஆர்சி என்ற சோதனை எண். அனுப்பும் கம்ப்யூட்டர் ஃபிரேமின் பைட்டுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு, விடையை வாலில் ஒட்டி அனுப்புகிறது. பெறும் கம்ப்யூட்டர் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தவில்லை என்றால் ஃபிரேமைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

நடுவில் இருக்கும் ஸ்விட்ச் என்ன செய்ய வேண்டும்? எந்தப் போர்ட் வழியாக வெளியே அனுப்புவது என்பது முதல் 6 பைட்டிலேயே தெரிந்துவிடுகிறது. ஃபிரேம் கெட்டதா நல்லதா என்பது கடைசி 4 பைட் வந்தால்தான் தெரியும். முழு ஃபிரேமையும் வாங்கி வைத்து, சோதித்து, பிறகு அனுப்புவது ஒரு வழி. அதற்கு ‘ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டு’ என்று பெயர். முகவரியைப் படித்தவுடன், வால் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே தலையை மறுபக்கம் அனுப்பத் தொடங்குவது இன்னொரு வழி. அது ‘கட் த்ரூ’.

1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வினோத் பரத்வாஜ், லாரி பிளேர் இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். பெயர் பரத்வாஜின் மனைவியுடையது. அந்த ஸ்விட்ச் கட் த்ரூ வகை. அன்றைய ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு ஒரு கோடி பிட், அதாவது 10 மெகாபிட். அந்த வேகத்தில் பெரிய ஃபிரேம் ஒன்று முழுசாக உள்ளே வர 1.2 மில்லி நொடி ஆகும். முன்னோட்டமாக வரும் 8 பைட்டையும் முகவரியின் 6 பைட்டையும் வாங்க 11 மைக்ரோ நொடி போதும். காத்திருப்பு நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. ஒரு துண்டு அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும் மென்பொருள்கள் அலுவலகங்களில் ஓடிய காலம் அது. ஒவ்வொரு ஸ்விட்சிலும் ஒரு மில்லி நொடி மிச்சமானால் கோப்பு திறப்பதிலேயே வித்தியாசம் தெரியும்.

பிறகு கேபிள்களின் வேகமே அந்த ஆதாயத்தைத் தின்றுவிட்டது. 100 மெகாபிட்டில் அதே காத்திருப்பு 121 மைக்ரோ நொடி, கிகாபிட்டில் 12. போதாக்குறைக்கு, ஒரே ஸ்விட்சில் வேகம் குறைந்த போர்ட்டும் கூடிய போர்ட்டும் கலந்து வந்தன. மெதுவான பக்கத்திலிருந்து வேகமான பக்கத்துக்குக் கட் த்ரூ செய்ய முடியாது. வெளியே போகும் வேகத்துக்கு உள்ளே சரக்கு வந்து சேராது, ஃபிரேம் பாதியில் அறுந்துவிடும். அதனால் வீட்டிலும் ஆபீஸிலும் ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டே நிலைத்தது. சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன்.

கட் த்ரூவை மறுபடி தேடி வந்தவர்கள் பங்குச் சந்தையில் கம்ப்யூட்டர் மூலம் வாங்கி விற்பவர்கள். அவர்களுக்கு மைக்ரோ நொடியே பெரிய காலம். 10 கிகாபிட் வேகத்தில் 1,518 பைட் ஃபிரேம் ஒன்று மூன்று ஸ்விட்சுகளைத் தாண்டுவதாக வைத்துக்கொள்வோம். சர்வர் அதை வெளியே தள்ளவே 1.2 மைக்ரோ நொடி. ஒவ்வொரு ஸ்விட்சும் முழுசாக வாங்கி வைத்தால் இன்னொரு 3.6 கூடும். முகவரியைப் பார்த்து வழி தேடும் வேலைக்கு ஸ்விட்சுக்குக் கால் மைக்ரோ நொடி என்று சேர்த்தால் மொத்தம் ஐந்தரை. கட் த்ரூவில் அந்த 3.6 இல்லை, இரண்டு மைக்ரோ நொடியில் முடிந்துவிடும். 2012-இல் சிஸ்கோ வெளியிட்ட நெக்ஸஸ் 3548 ஸ்விட்ச் இந்தக் கால் மைக்ரோ நொடிக் கணக்கில்தான் ஓடியது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மைக்ரோ நொடியில் ஓடும் தூரம் சுமார் 200 மீட்டர். மூன்றரை மைக்ரோ நொடி என்பது சந்தையின் கம்ப்யூட்டருக்கு 700 மீட்டர் நெருங்கி உட்காருவதற்குச் சமம்.

விளம்பரத் தாள்கள் சொல்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஆதாயம் ஃபிரேமின் நீளத்தைப் பொறுத்தது. 200 பைட் ஆர்டர் ஒன்றுக்கு ஸ்விட்சுக்கு 0.16 மைக்ரோ நொடிதான் மிச்சம். அடுத்தது, வெளியேறும் போர்ட்டில் ஏற்கெனவே வேறொரு ஃபிரேம் போய்க்கொண்டிருந்தால் கட் த்ரூ ஸ்விட்சும் வரிசையில் நிறுத்தித்தான் அனுப்ப வேண்டும். நெரிசல் கூடக் கூட இரண்டு வகையும் ஒன்றுபோல ஆகிவிடும்.

சரி, சோதிக்காமல் அனுப்பினால் கெட்ட தகவல் போய்ச் சேர்ந்துவிடாதா? பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் பெறும் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு எப்படியும் சிஆர்சியைச் சோதிக்கிறது. கெட்ட ஃபிரேமை அது ஏற்காது. ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டு ஸ்விட்சும் கெட்டதைச் சரிசெய்து தருவதில்லை, தூக்கித்தான் போடுகிறது. இரண்டிலும் அனுப்பியவர் மறுபடி அனுப்பியாக வேண்டும். சேதம் வேறிடத்தில் இருக்கிறது. கெட்ட ஃபிரேம் வழிநெடுகக் கேபிளின் நேரத்தை வீணாக்குகிறது. பழுதானது முகவரியின் பிட்டாக இருந்தால் சம்பந்தமில்லாத போர்ட்டுக்கும் போகும்.

இதைவிடப் பெரிய தலைவலி, பழுது எங்கே என்று தெரியாமல் போவது. முதல் சர்வருக்கும் முதல் ஸ்விட்சுக்கும் நடுவே உள்ள ஃபைபர் இணைப்பியில் தூசி படிந்திருக்கிறது என்று வையுங்கள். ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டு என்றால் முதல் ஸ்விட்சின் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் சிஆர்சி பிழைக் கணக்கு ஏறும். நேராகப் போய்த் துடைத்துவிடலாம். கட் த்ரூவில் முதல், இரண்டாம், மூன்றாம் ஸ்விட்ச், கடைசியில் பெறும் சர்வர் என்று நான்கு இடத்திலும் கணக்கு ஏறும். பெறும் சர்வரில் இப்படிப் பார்க்கலாம்:

```
ethtool -S eth0 | grep crc
```

`rx_crc_errors` ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்த்து அந்தச் சர்வரின் கேபிளை மாற்றுவார்கள். பலன் இருக்காது. அடுத்து கார்டை மாற்றுவார்கள்.

இதற்காகவே சில கட் த்ரூ ஸ்விட்சுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. வால் வந்த பிறகு பிழை தெரிந்தால் ஃபிரேமைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனால் வாலின் சோதனை எண்ணையே, ‘இது ஏற்கெனவே கெட்டது’ என்று அடையாளம் தெரியும்படி மாற்றி எழுதி அனுப்பலாம். அந்த அடையாளத்தைப் புரிந்துகொள்ளும் அடுத்த ஸ்விட்ச் அதைத் தனிக்கணக்கில் வைக்கும். அடையாளமில்லாத வெறும் சிஆர்சி பிழை எந்தப் போர்ட்டில் ஏறுகிறதோ, பழுது அந்தப் போர்ட்டின் கேபிளில்தான்.

இந்த வசதி இல்லாத ஸ்விட்ச் உங்கள் பொறுப்பில் இருந்தால், புகார் வந்த முனையில் கேபிளைப் பிடுங்காதீர்கள். ஒவ்வொரு ஸ்விட்சிலும் உள்வரும் பிழை ஏறும் போர்ட்டைக் கண்டுபிடித்து, அதன் எதிர்முனைப் பெட்டிக்குப் போய் அங்கேயும் அதையே பாருங்கள். உள்ளே பிழை எதுவும் வராமல், சுத்தமாக அனுப்புகிற முதல் பெட்டியை எட்டும்போது நின்றுவிடுங்கள். நீங்கள் கடைசியாகக் கடந்துவந்த கேபிளைத்தான் மாற்ற வேண்டும்.