அணை ஒன்று, பில் மூன்று

1933 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையச் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அணைகளுக்கு ஆகும் செலவில் வெள்ளத் தடுப்புக்கு எவ்வளவு, நீர்வழிப் போக்குவரத்துக்கு எவ்வளவு, உரத்துக்கும் ராணுவத் தேவைக்கும் எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று ஆணையமே பிரித்துச் சொல்ல வேண்டும் என்றது அந்தப் பிரிவு. படிக்க வெறும் கணக்குப்பிள்ளை வேலை போலத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அமெரிக்க அரசியலில் பெரிய சண்டைகளில் ஒன்றை அது கிளப்பிவிட்டது.

டென்னசி நதியில் ஒரே அணை மூன்று வேலை பார்க்க வேண்டியிருந்தது. நாக்ஸ்வில் நகரிலிருந்து நதி முடியும் பாதுகா வரை, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்குச் சரக்குப் படகுகள் போக ஒன்பது அடி ஆழம் வேண்டும். குளிர்காலத்திலும் இளவேனிலின் தொடக்கத்திலும் பெருக்கெடுக்கும் வெள்ளத்தைப் பிடித்துவைக்க நீர்த்தேக்கத்தில் காலியிடம் வேண்டும். மின்சாரம் எடுக்கவோ தண்ணீர் உயரமாக நிற்க வேண்டும். வெள்ளக்காரனுக்கு ஏரி காலியாக இருந்தால் நல்லது, மின்சாரக்காரனுக்கு நிறைந்திருந்தால் நல்லது. இருவரும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சுவருக்கான பணத்தை யார் பெயரில் எழுதுவது?

எளிய பகுதியை முதலில் எடுத்துவிடலாம். படகுகளை ஏற்றி இறக்கும் லாக் அறை போக்குவரத்துக்கு மட்டுமே பயன்படும். டர்பைனும் ஜெனரேட்டரும் மின்சாரத்துக்கு மட்டுமே பயன்படும். இவற்றில் தகராறு கிடையாது. தகராறெல்லாம் கான்கிரீட் சுவரிலும், நீருக்குள் போகும் நிலத்திலும், இடம்பெயரும் ஊர்களுக்குத் தரும் நஷ்ட ஈட்டிலும்தான்.

தனியார் மின் நிறுவனங்கள் இதைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. காமன்வெல்த் அண்டு சதர்ன் நிறுவனத்தின் தலைவர் வெண்டெல் வில்கி (1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்றவர் இவர்தான்) அந்தத் தரப்பின் முக்கியக் குரல். ஆணையம் தன் மின் கட்டணத்தைத் தனியார் கட்டணத்துக்கு அளவுகோலாகக் காட்டுகிறது, ஆனால் அணைச் செலவை வெள்ளத்தின் தலையிலும் படகுகளின் தலையிலும் கட்டிவிட்டு மின்சாரத்தை மலிவாகக் காட்டுகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆணையத்தின் பக்கமோ, வெள்ளமும் போக்குவரத்தும் எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைகள், மின்சாரம் அதன்மேல் வந்த கூடுதல் வரவு என்ற வாதம் இருந்தது. கூடுதல் வரவுக்குக் கூடுதல் செலவை மட்டும் எழுதினால் போதாதா?

இந்தக் ‘கூடுதல்’ எங்கே வழுக்குகிறது என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும். பொருளியலாளர் ஜோசப் ரான்ஸ்மியர் 1942ல் எழுதிய நூலில் வரும் மதிப்பீடுகளைக் கோடி டாலராகச் சுருக்கித் தருகிறேன். மூன்று நோக்கங்களுக்கும் சேர்த்து அணைகளைக் கட்ட ஆகும் செலவு 41.26 கோடி. போக்குவரத்துக்கு மட்டும் கட்டினால் 16.35, வெள்ளத்துக்கு மட்டும் 14.08, மின்சாரத்துக்கு மட்டும் 25.01. தனித்தனியாகப் போனால் 55 கோடிக்கு மேல் ஆகும். சேர்ந்து கட்டியதில் 14 கோடி மிச்சம்.

இப்போது போக்குவரத்தின் கூடுதல் செலவு எவ்வளவு? வேறு யாரும் இல்லாத நதியில் அது முதலில் வந்தால் 16.35. மின்சாரத்துக்காக அணை ஏற்கெனவே முடிவாகியிருந்து, அதில் போக்குவரத்தைச் சேர்த்தால் மொத்தம் 37.88 ஆகிறது. ஆக 12.87தான் கூடுதல். மின்சாரமும் வெள்ளத் தடுப்பும் ஏற்கெனவே இருக்க (அவை இரண்டுக்கும் 36.74), போக்குவரத்து கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டால் கூடுதல் வெறும் 4.52. அதே படகு, அதே லாக், அதே நதி. வரிசை மாறியதும் செலவு கால்வாசிக்குச் சற்று மேலாக இறங்கிவிடுகிறது. ‘எனக்கு ஆன கூடுதல் செலவு இவ்வளவுதான்’ என்று யாராவது சொன்னால், ‘உமக்கு முன்னால் யார் யாரை நிற்கவைத்தீர்?’ என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

ஆளுக்கு ஆள் நான்தான் கடைசி என்று சொன்னால் என்ன ஆகும்? போக்குவரத்து 4.52 தரும். அதே கணக்கில் வெள்ளம் 3.38 தரும், மின்சாரம் 11.10 தரும். மொத்தம் 19 கோடி. மீதி 22.26 கோடிக்கு ஆளே இல்லை. ஒவ்வொருவரும் சொன்னது தனித்தனியே உண்மை, ஆனால் மூன்று உண்மைகளையும் கூட்டினால் பாதி அணைக்குக்கூடப் பணம் தேறவில்லை.

அதற்காகக் கடைசி ஆளின் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. அது வேறொரு கேள்விக்குச் சரியான பதில். வெள்ளத் தடுப்பை இந்தத் திட்டத்தில் சேர்ப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது 3.38 கோடியைத்தான். அதைச் சேர்ப்பதால் வரும் நன்மை 3.38க்கு மேல் இருந்தால் சேர்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். பொதுச் சுவரில் ஒரு பங்கை அதன் தலையில் ஏற்றி, ‘பத்துக் கோடி ஆகிறது, கட்டுப்படியாகாது’ என்று விலக்கினால் அது தவறான முடிவு. விலக்கினாலும் அந்தச் சுவர் அங்கேதான் நிற்கும், மிச்சமாவது 3.38 மட்டுமே. கட்டலாமா என்பதற்குக் கூடுதல் செலவு பதில் சொல்லும். யார் எவ்வளவு தருவது என்பதற்கு அது தனியாகப் பதில் சொல்லாது. அந்தக் கால வாதங்களில் பாதி, முதல் கேள்வியின் விடையை இரண்டாவது கேள்விக்கு எழுதியதால் வந்தவை என்பது என் கணிப்பு.

பில்லைப் பிரிக்க வேண்டுமென்றால் கூடுதல் செலவு ஓர் எல்லையைத் தருகிறது. மின்சாரம் 11.10க்குக் குறைவாகத் தந்தால், அதைச் சேர்த்ததால் ஆன செலவையே அது தரவில்லை. மற்ற இருவரும் தாங்களாகவே 30.16ல் முடித்திருக்கக்கூடியதற்கு அதைவிட அதிகம் தருகிறார்கள். அப்படியானால் வில்கி சொன்னதுதான் சரி, அது மானியம். மறுபக்கம், மின்சாரத்திடம் 25.01க்கு மேல் கேட்டால் அது தனியாகவே அணை கட்டிக்கொண்டு போய்விடலாம், கூட்டுச் சேர வேண்டிய அவசியமே இல்லை. நியாயமான பங்கு 11.10க்கும் 25.01க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எந்தப் பங்கீட்டைப் பார்த்தாலும் இந்த இரண்டு முனைகளையும் தொட்டுப்பார்த்தால், யாரோ யாருடைய செலவில் சாப்பிடுகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

நடுவில் எங்கே நிறுத்துவது? அமெரிக்க நதித் திட்டங்களில் பிறகு வழக்கமாகிப்போன முறை இப்படிப் போகிறது. முதலில் ஒவ்வொருவரும் தம் கடைசி ஆள் செலவைத் தந்துவிடுகிறார்கள். மீதி 22.26 கோடியைப் பிரிக்க, சேர்ந்து கட்டியதால் யாருக்கு எவ்வளவு தப்பித்தது என்று பார்க்கிறார்கள். போக்குவரத்து தனியாகப் போனால் 16.35, இங்கே 4.52, வித்தியாசம் 11.83. வெள்ளத்துக்கு 10.70, மின்சாரத்துக்கு 13.91. இந்த விகிதத்தில் மீதியைப் பிரித்தால் போக்குவரத்துக்கு மொத்தம் 11.75, வெள்ளத்துக்கு 9.92, மின்சாரத்துக்கு 19.59 கோடி வருகிறது. எல்லோரும் எல்லைக்குள் இருக்கிறார்கள், மொத்தமும் 41.26தான்.

வேறு வழியும் உண்டு. மூன்று பேர் வந்து சேர ஆறு வரிசைகள் இருக்கின்றன. ஆறிலும் ஒவ்வொருவரின் கூடுதல் செலவைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்துவிடலாம். லாயிட் ஷாப்லி 1953ல் வகுத்த சூத்திரத்தின் சாரம் இதுதான். இதே எண்களில் போட்டுப்பார்த்தால் 11.78, 10.08, 19.40 என்று வருகிறது. இரண்டு முறைகளும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால், சூத்திரத்துக்காகச் சண்டைபோடுவதில் அதிகப் பயன் இல்லை என்றே தோன்றுகிறது.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. ‘தனியாகக் கட்டினால் இவ்வளவு ஆகும்’ என்ற எண் யாரும் கட்டாத, கட்டப்போகாத ஒரு காகித அணையின் விலை. வெள்ளத்துக்கான அந்தக் காகித அணையை யாராவது 14.08க்குப் பதில் 20 கோடி என்று மதிப்பிட்டுவிட்டால், வெள்ளத்தின் பங்கு 9.92லிருந்து 12 கோடிக்கு மேல் ஏறுகிறது. மின்சாரத்தின் பங்கு 18.4க்கு இறங்குகிறது. நிஜ அணையில் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கூடக் கூடவோ குறையவோ இல்லை, ஆனால் மின்சாரத்தின் பில்லில் ஒரு கோடிக்கு மேல் மறைந்துவிட்டது. இதற்காகத்தான் அந்த முறையில் ஒரு கடிவாளம் வைத்தார்கள். தனி அணையின் செலவு, அந்த நோக்கத்தால் கிடைக்கும் நன்மை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்க வேண்டும். வெள்ளத்தால் ஆகும் நாசமே 15 கோடிதான் என்றால், அதைத் தடுக்க 20 கோடிக்குத் தனி அணை கட்டும் மடையன் எவனும் இல்லை. ஆக 15ஐத்தான் எழுத வேண்டும்.

இந்தக் கணக்கு நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது. டென்னசியை முன்மாதிரியாகக் கொண்டு 1948ல் வந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று மூன்று நோக்கங்களை வைத்தது. ஒரு நோக்கத்துக்கு மட்டுமே ஆன செலவை அதன் பெயரிலேயே எழுத வேண்டும். பொதுச் செலவை, அந்த நோக்கத்துக்கென்றே தனிக் கட்டுமானம் கட்டினால் ஆகும் தொகையிலிருந்து முன்சொன்னதைக் கழித்து, அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். மேலே பார்த்த முறையின் நெருங்கிய உறவுதான் இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வெள்ளத்துக்கு மட்டுமே ஆன செலவு என்று தேடினால் கைக்குக் கொஞ்சம்தான் சிக்கும். வெள்ளத்தைப் பிடிப்பது பெரும்பாலும் சுவரின் மேல் சில அடி உயரமும் அதற்குமேல் மூழ்கும் நிலமும்தான். வெள்ளத் தடுப்பை விட்டுவிட்டால் சுவர் எத்தனை அடி தாழும் என்று மறுபடி வரைபடம் போட்டுப் பார்த்தால்தான் அது வெளியே தெரியும். அப்படிப் பார்க்காவிட்டால் அந்த உயரமும் பொதுச் சுவர் என்றே எழுதப்பட்டு, பாசனக்காரரும் மின்சாரக்காரரும் அதிலே பங்கு தருவார்கள்.

பிரித்த பிறகு வசூல் என்று ஒன்று இருக்கிறதே. மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, பாசனத்துக்குத் தண்ணீர்த் தீர்வை உண்டு. வெள்ளம் வராமல் போன வீட்டுக்காரரிடம் எந்த பில்லும் நீட்ட முடியாது. அதனால் வெள்ளத் தடுப்பின் பங்கில் முதல் 14 கோடி ரூபாயை மத்திய அரசும் மேற்கு வங்க அரசும் சரிபாதியாக ஏற்க வேண்டும், அதற்கு மேல் போனால் முழுவதும் மேற்கு வங்கத்தின் பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.