முடிவை முதலில் எழுதும் விளையாட்டு

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கதை கட்டலாம் என்று உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி நடக்காவிட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் விவாதிப்பார்கள். கடைசியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லாத, அதனாலேயே யாருக்கும் பிடிக்காத ஒரு கதை மிஞ்சும்.

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதற்கு ஒரு வழி கண்டது. ஒருவரை நடத்துநராக்கி, உலகம் முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடத்துநர் ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்ய வேண்டும், மற்றவர்கள் அவர் வீட்டு விருந்தாளிகள் மாதிரி வந்துபோவார்கள். நடத்துநரே வேண்டாம் என்று பலர் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பென் ராபின்ஸ் உருவாக்கி 2011-இல் வெளியான ‘மைக்ரோஸ்கோப்’. இரண்டு முதல் நாலு பேர் ஆடலாம். பகடை இல்லை, பலகை இல்லை. தபால் அட்டை அளவில் ஒரு கட்டு வெற்று அட்டையும் பேனாவும் போதும்.

இதில் நாம் ஒரு மனிதரின் கதையைச் சொல்வதில்லை, ஒரு வரலாற்றை உண்டாக்குகிறோம். முதல் வேலையே அந்த வரலாறு எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்று தீர்மானிப்பது. நாங்கள் மூன்று பேர் ஆடிய ஓர் ஆட்டத்தில் கடல்மேல் மிதக்கும் ஊர் ஒன்றை எடுத்துக்கொண்டோம். ‘தெப்பங்களைப் பிணைத்து ஊர் கட்டுகிறார்கள்’ என்று ஓர் அட்டையை மேஜையின் இடது ஓரத்தில் வைத்தோம். ‘கடைசிக் குடும்பம் கரையேறுகிறது, ஊர் காலி’ என்று இன்னொன்றை வலது ஓரத்தில் வைத்தோம். அடுத்து, இந்த உலகத்தில் எதிர்பாராத எது உண்டு, எதிர்பார்க்கக்கூடிய எது கிடையாது என்று ஆளுக்கொன்றாகச் சொல்லிப் பட்டியல் போட வேண்டும். ஒருவர் ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்றால் அந்தச் சுற்றோடு பட்டியல் முடிந்தது. எங்கள் ஊரில் மந்திரம் கிடையாது, அரசனும் கிடையாது. புயலை முன்கூட்டியே சொல்லும் காவல் மணி உண்டு.

இதுவரைக்கும்தான் கூடிப் பேசலாம். இதற்குப் பிறகு கலந்தாலோசனை கூடாது.

ஆட்டத்தின் உயிரே இந்த விதியில் இருக்கிறது. என் முறை வந்தால் நான் எழுதுவதுதான் நடந்தது. யாரும் யோசனை சொல்லக் கூடாது, நானும் கேட்கக் கூடாது. ஏற்கெனவே சொன்னதற்கு முரண்படாமலும், ‘கிடையாது’ பட்டியலைத் தொடாமலும் இருந்தால் போதும். என் முறை முடிந்ததும் என் அதிகாரமும் முடிந்தது. நடத்துநரை நீக்கிவிட்டுக் கமிட்டி வைப்பதற்குப் பதிலாக, சில நிமிடங்களுக்கு ஒருவரைச் சர்வாதிகாரியாக்கி உடனே இறக்கிவிடுகிறார் ராபின்ஸ். கூச்ச சுபாவம் உள்ளவருக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும், இரண்டாவது சுற்றில் அவர்தான் ஊரைக் கொளுத்துவார்.

முறை வந்தவர் மூன்றில் ஒன்றை உண்டாக்கலாம். பல பத்தாண்டுகள் நீளும் ஒரு காலகட்டம், அதற்குள் அடங்கிய ஒரு நிகழ்ச்சி, அந்த நிகழ்ச்சிக்குள் ஒரு காட்சி. காலகட்ட அட்டைகள் வரிசையாக நிற்கும், நிகழ்ச்சிகள் அவற்றின் கீழே, காட்சிகள் அதற்கும் கீழே. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு வட்டம் போட வேண்டும். நல்லது என்றால் வெறும் வட்டம், கெட்டது என்றால் கருப்படித்த வட்டம். வரிசையில் எங்கே வேண்டுமானாலும் செருகலாம் என்பதால் காலத்தில் முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கலாம். ஒருவர் ஊரின் பாதியை மூழ்கடித்துவிட்டாரே என்று வருந்த வேண்டியதில்லை. மூழ்குவதற்கு முந்தைய நூறு ஆண்டுகள் இன்னும் எழுதப்படாமல் கிடக்கின்றன.

அவரவர் இஷ்டத்துக்குத் தாவினால் சிதறிப்போகாதா? போகும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் ‘லென்ஸ்’. இந்தச் சுற்றில் எல்லாரும் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று அவர் சொல்வார். எங்கள் தோழி ‘காவல் மணி’ என்றாள். லென்ஸ் என்பதால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டை எழுதும் உரிமை அவளுக்கு உண்டு. ‘கடலோடிகள் செழித்த காலம்’ என்று ஒரு காலகட்டம் வைத்தாள். அதன் கீழே ‘காவல் மணி கடலில் விழுந்து தொலைந்தது’ என்று எழுதி, வெறும் வட்டம் போட்டாள். மணி தொலைந்தது எப்படி நல்லதாகும் என்று நாங்கள் விழித்தோம். “எனக்குத் தெரியும், ஊருக்கு நல்லதாப் போச்சு” என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த முறை நண்பருடையது. அவர் அந்த நிகழ்ச்சிக்குள் ஒரு காட்சி வைத்தார். காட்சிக்கு ஒரு கேள்வி வேண்டும், அதற்கு விடை கிடைக்கும்வரை நடித்துப் பார்க்க வேண்டும். அவர் கேட்டது: ‘மணியடிப்பவள் ஏன் தன் கையாலேயே கயிற்றை அறுத்தாள்?’ இடம் மணிக்கூண்டு, இரவு. மணியடிப்பவள் கட்டாயம் இருக்க வேண்டும். அவள் கணவன் வரக் கூடாது. இப்படி ஒருவரைத் தடுப்பதும் காட்சி வைப்பவரின் உரிமை, சுலபமான விடையை அடைக்க நல்ல உபாயம். காட்சி வைத்தவர்தான் கடைசியாகத் தன் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பார். நான் மணியடிப்பவள் ஆனேன். தோழி என் மகள், நண்பர் கரையிலிருந்து வந்த வியாபாரி.

ஆரம்பத்தில் எனக்கே விடை தெரியாது. மகள் படியேறி வந்து, “அம்மா, இன்னைக்கு மேகம் எந்தப் பக்கம்னு கேட்டேன், படகுல ஒருத்தருக்கும் தெரியல” என்றாள். பிடி கிடைத்துவிட்டது. மணி ஒலிக்காவிட்டால் புயல் இல்லை என்று நம்பி, ஊர் வானத்தைப் பார்ப்பதையே மறந்துவிட்டது. ஓர் இரவு மணியடிப்பவள் கண்ணயர்ந்தால் மொத்த ஊரும் போய்விடும். அதனால் அறுத்தாள். விடை வந்ததும் காட்சி முடிந்தது. காட்சி நல்லதா கெட்டதா என்று மட்டும் சேர்ந்து முடிவு செய்தோம்: கருப்பு. வெள்ளை நிகழ்ச்சிக்குள் ஒரு கருப்புக் காட்சி.

நடிக்க வராதவர் கேள்வியையும் விடையையும் தாமே சொல்லிவிடலாம், விதி அதையும் அனுமதிக்கிறது. காட்சிக்குள் ஒருவர் சொன்னது பிடிக்காவிட்டால் மாற்று சொல்லி, ஓட்டுக்கு விடவும் வழி உண்டு.

ஆட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, மொட்டையான அட்டை. ‘போர் மூண்டது’ என்று எழுதினால் அடுத்தவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுதுவார்? யாரோடு, எதற்காக, யார் தோற்றார் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். ஆச்சரியத்துக்காக எதையாவது ஒளித்துவைத்தால் அடுத்தவர் அதைத் தெரியாமல் மிதித்துவிடுவார். இன்னொன்று, பழக்கதோஷம். “இப்படி வச்சுக்கலாமா?” என்று ஒருவர் கேட்டால் எல்லாரும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஓர் அட்டை எழுதப் பத்து நிமிடம் ஆகிறதென்றால் மேஜையில் கமிட்டி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு பாத்திரத்தைக் கடைசிவரை வளர்த்து, அதோடு அழுது சிரிக்க விரும்புகிறவருக்கு இந்த ஆட்டம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மணியடிப்பவள் எங்கள் மேஜையில் கால்மணி நேரம்தான் உயிரோடு இருந்தாள். நாலு பேருக்கு மேல் ஆனால் தன் முறைக்காகக் காத்திருந்தே சலித்துப்போகும்.

எங்கள் கடல் ஊரின் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் முப்பத்துச் சொச்சம் அட்டை ஆயிற்று. அந்த மணியை முதலில் வார்த்தது யார் என்று இன்னும் யாரும் எழுதவில்லை.