கொட்டகை மூலையில் கட்டிய ஆடு

7 அடிச் சதுரக் கொட்டகை. அதன் வெளிமூலையில் 14 அடிக் கயிற்றில் ஆட்டைக் கட்டியிருக்கிறோம். சுற்றிலும் புல். ஆடு எவ்வளவு மேயும்?

திறந்த வெளியானால் முழு வட்டம், 616 சதுர அடி. மூலையில் கால்பங்கைக் கொட்டகை மறைத்துக்கொள்வதால் முக்கால் வட்டம், 462. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. ஆடு சுவரோடு நடந்து அடுத்த மூலையை எட்டும்போது கயிறு அங்கே மடங்கும், மிச்சம் 7 அடி. அந்த மூலையைச் சுற்றி இன்னொரு கால்வட்டம், 38½. மறுபக்கமும் அப்படியே. ஆக, மொத்தம் 539 சதுர அடி.

கயிறு 14 அடியைத் தாண்டினால், எதிர்மூலைக்கு அப்பால் இரு கால்வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தப் பொதுப்பகுதியை ஒருமுறை கழித்துவிடுங்கள்.