‘மதாம், முசியே’க்கு ஒரு படி கீழே

லியோன் நகரில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவரின் குளியலறைக் கூரையில் நீர் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு அவர் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அதைத் திறந்து படிக்கப்போவது ஆணா, பெண்ணா என்று தெரியாது. பிரெஞ்சைப் பாடமாகப் படித்தவருக்குக் கை தானாக எழுதுவது ‘மதாம், முசியே’ என்பதுதான். அம்மையீர், ஐயா என்று இருவரையும் விளிக்கும் அந்தத் தொடரில் தவறு ஒன்றுமில்லை. வேலைக்கு விண்ணப்பம், வரி அலுவலகத்துக்கு முறையீடு, வீட்டைக் காலி செய்வதாக அறிவிப்பு என்றால் இன்றைக்கும் அதுவே சரி. கசிவைப் பற்றி நாலு வரி எழுத அது கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போவது போல.

விறைப்பு அந்த முதல் வரியோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். முறையான பிரெஞ்சுக் கடிதத்தில் மேலே எழுதிய விளி, முடிக்கும் வாக்கியத்தின் நடுவே மாறாமல் திரும்ப வரவேண்டும். ‘மதாம், முசியே, எனது மேலான வணக்கங்களை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்’ என்கிற தோரணையில் அந்த முடிப்பு அமையும். நாலு வரிக் கடிதத்துக்கு வாலே ஒரு வரியாகிவிடும்.

இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுகொண்ட வழி ‘போன்ழூர்’. அந்த நாட்டில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் இதைச் சொல்லாமல் ‘ஒரு பகெத் கொடுங்கள்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு. அதே வழக்கம் மின்னஞ்சலுக்கும் வந்துவிட்டது. ‘போன்ழூர்’ என்று மட்டும் எழுதி, ஒரு காற்புள்ளி இட்டு, அடுத்த வரியில் விஷயத்துக்கு வந்துவிடலாம். அது மொட்டையாகத் தோன்றினால் ‘போன்ழூர் மதாம், போன்ழூர் முசியே’ என்பது இடைவழி. பேச்சில் சொல்லும் வணக்கத்தைக் கடிதத்தில் எழுதலாமா என்று முகம் சுளிக்கும் பழைய தலைமுறையினர் உண்டு. ஆனாலும் அலுவலக மின்னஞ்சல்களில் நாள்தோறும் காண்பது இதைத்தான். மாலையில் எழுதினாலும் ‘போன்ழூர்’ போதும். எதிராளி மறுநாள் காலையிலும் படிக்கலாமல்லவா? கடைசியில் ‘கோர்தியால்மான்’ என்று ஒரே சொல்லில் முடிக்கலாம். மேலே ‘போன்ழூர்’ என்று தொடங்கிவிட்டு, கீழே அந்த நீண்ட வணக்க வாக்கியத்தை ஒட்டினால் இரண்டு வேறு கடிதங்களை வெட்டிச் சேர்த்தது தெரிந்துவிடும்.

தளர்வது விறைப்பு மட்டுமே. உள்ளே ‘வூ’ என்கிற மரியாதைப் பன்மை அப்படியே இருக்க வேண்டும். ‘சலூ’ என்று தொடங்குவது நண்பர்களுக்குள் சரி, நிர்வாக அலுவலகத்துக்குப் பொருந்தாது. ஆங்கிலப் பழக்கத்தில் ‘அன்புள்ள’ என்ற பொருளில் ‘ஷேர்’ சேர்ப்பவர்களும் உண்டு. பிரெஞ்சில் அந்தச் சொல் ‘உங்களை எனக்குத் தெரியும்’ என்று உரிமை கொண்டாடுவது; முன்பின் தெரியாதவருக்கு எழுதும்போது பொய்யாக ஒலிக்கும். ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்ற பொருள் தரும் ‘ஆ கி த த்ருவா’வும் விளியாக வரும்போது ஆங்கிலத்தின் நகல்தான். கியூபெக்கின் பிரெஞ்சு மொழி அலுவலகமே அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

கசிவு மேல்மாடிக் குழாயிலிருந்து வருகிறது என்று தெரிந்து, கட்டடவாசிகள் எல்லோருக்கும் எழுத வேண்டி வந்தால்? ‘போன்ழூர் ஆ தூஸ்’, அதாவது எல்லோருக்கும் வணக்கம். இலக்கணப்படி ஆண்பால் பன்மையே இருபாலரையும் அடக்கிவிடும். ஆனாலும் பெண்களைத் தனியே சொல்லும் ‘போன்ழூர் ஆ தூத் எ ஆ தூஸ்’ பரவலாகிவிட்டது. கூறியது கூறல் என்று இலக்கணப் பிடிவாதக்காரர்கள் குறைகூறலாம். படிக்கிற பெண்ணுக்கு அப்படித் தோன்றாது. ஒரே சொல்லுக்குள் புள்ளிகள் வைத்து இரு பாலையும் அடைக்கும் புது எழுத்துமுறை வேறு விவகாரம். பிரெஞ்சு அகாதெமி 2017இல் அதை மொழிக்கு உயிராபத்து என்றே கண்டித்தது. அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் நின்றாலும், வாய்விட்டுப் படிக்க முடியாத ஒன்று வணக்கத்துக்கு உதவாது என்பேன்.

அண்டை வீட்டாருக்கு எழுதும்போது, முன்பு தவிர்த்த ‘ஷேர்’ இடம் பெறலாம். ‘அன்பான அண்டை வீட்டாரே’ என்று அவர்களை அழைப்பது இயல்பு. அறிமுகம் உண்மையிலேயே இருக்கிறது. சக பணியாளர்களுக்கும் அப்படியே. பெறுபவர்கள் இரண்டே பேர் என்றால் ‘எல்லோருக்கும்’ வேடிக்கையாகிவிடும். இருவர் பெயரையும் எழுதிவிடுவது நல்லது.

அலுவலகத்திலிருந்து பதில் வந்ததும் கீழே கையெழுத்தைப் பார்க்க வேண்டும். பெண் என்று தெரிந்தால் அடுத்த மடலில் ‘போன்ழூர் மதாம்’. கூடவே குடும்பப் பெயரையும் எழுதுவதைப் பழைய கடித மரபு ஏற்காது. மின்னஞ்சலில் அது சகஜம். கமீய், தொமினிக் போன்ற பெயராக இருந்தால் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அப்போது மறுபடி வெறும் ‘போன்ழூர்’தான்.