எந்தப் புட்டியில் எதை ஊற்றலாம்?

டொலுவீனைப் பாலிப்ரொப்பிலீன் புட்டியில் ஊற்றி வைத்தால் முதல் நாள் எந்த மாற்றமும் தெரியாது. சில வாரம் போனால் மூடி இறுக்கமாக இருந்தும் திரவத்தின் அளவு குறைந்திருக்கும். புட்டியின் சுவர் விரலுக்கு மெத்தென்று படும். ஓட்டை ஏதுமில்லை. திரவம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறி, வெளிப்பக்கமாக ஆவியாகிப் போகிறது.

பாலிப்ரொப்பிலீன் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட பொருள்; எண்ணெயின் இனம். அதனால் டொலுவீன், ஹெக்சேன், குளோரோஃபார்ம் போன்றவை அதற்குள் எளிதாகப் புகுந்து அதை உப்ப வைக்கும். சூடு ஏறினால் இன்னும் வேகமாக. நீர்த்த அமிலம், காரம், உப்புக் கரைசல், ஆல்கஹால் ஆகியவற்றை அது நன்றாகத் தாங்கும். ஆனால் அடர் நைட்ரிக் அமிலம் அதைச் சிதைத்து, நாளடைவில் நொறுங்கச் செய்யும்.

கண்ணாடியின் கதை இதற்கு நேர் எதிர். டொலுவீனோ அடர் நைட்ரிக் அமிலமோ அதை ஒன்றும் செய்வதில்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்தான் அதன் சிலிக்காவை மெல்ல அரிக்கும். உரசிப் பொருத்தும் கண்ணாடி மூடி போட்டிருந்தால் சில நாளில் மூடி கழுத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. ஆகவே காரக் கரைசலுக்குப் பாலிப்ரொப்பிலீன், டொலுவீனுக்குக் கண்ணாடி.

டெஃப்லான் என்று நாம் அறிந்த பிடிஎஃப்இ இந்த எல்லாவற்றையும் தாங்கும். 260 டிகிரி செல்சியஸ் வரை சூட்டையும் பொறுக்கும். பிறகு ஏன் எல்லாவற்றையும் அதிலேயே வைப்பதில்லை? விலை அதிகம், தவிர அது மென்மையானது, தொடர்ந்து அழுத்தினால் மெல்ல நகர்ந்து வடிவம் மாறும். இறுக்கிய மூடி சில நாளில் தளர்வது அதனால்தான். என் கருத்தில் அதைப் புட்டியாக வாங்குவதைவிட, கண்ணாடிப் புட்டி மூடியின் உள்வட்டாகப் போடுவதே பயனுள்ளது. அவ்வப்போது மூடியை மறுபடி இறுக்கிவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கலாம். அதே புட்டி வகையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை போடுங்கள், 2.00 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூடிய கண்ணாடிக் குடுவையில் கரைப்பானுக்குள் ஒரு வாரம் ஊற விட்டு, துடைத்து எடை பாருங்கள். 2.20 கிராம் வந்தால் பத்து சதவீதம் உள்ளே புகுந்திருக்கிறது. அந்தப் புட்டி சேமிப்புக்கு உதவாது. துண்டு முழுக்கக் காய்ந்தபின் 1.98 கிராம்தான் என்றால், பிளாஸ்டிக்கிலிருந்து 0.02 கிராம் ஏதோ கரைந்து கரைப்பானில் கலந்துவிட்டது. துல்லியமான ஆய்வில் இது விடையையே பிழையாக்கிவிடும்.

புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிப்ரொப்பிலீன்; 6 என்றால் பாலிஸ்டைரீன். அசிட்டோனை 6ல் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தையோ கண்ணாடியில் கொஞ்ச நேரம்கூட வைக்காதீர்கள்.